வீட்டு வருகைக் குறிப்புகளைக் குடும்பப் பதிவேடாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோட்டில் கிறுக்கியதைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது. நோட்டு நாள் வரிசையில் இருக்கிறது, பதிவேடு ஆள் வரிசையில் இருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர் ஒரு வீட்டுக்குள் போய் வரும்போது கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர் மூன்று பேரையும் பற்றி ஒரே மூச்சில் நாலு வரி எழுதியிருப்பார். அதை அப்படியே நகல் எடுத்தால் "இந்த வாரம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கும் செவிலியருக்குப் பதில் கிடைக்காது. அவர் மறுபடி எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கும்.

குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு செய்தியும் நான்கு விஷயம் சொல்லும் ஒரு வரியாக மாற வேண்டும்: யார், என்ன கண்டது, எந்தத் தேதியில் கண்டது, அடுத்து எந்தத் தேதிக்குள் யார் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன தேதி இல்லாத வரி என்னைப் பொறுத்தவரை முடியாத வரி. அதை நிரப்பாமல் பக்கத்தைத் திருப்பக் கூடாது.

எக்செலில் எத்தனை தாள், என்னென்ன கட்டம் வைக்க வேண்டும்?

மூன்று தாள் போதும். முதல் தாளில் வீடுகள்: வீட்டு எண், அடையாளம், தொடர்பு எண். இரண்டாவதில் ஆட்கள்: ஆள் எண், வீட்டு எண், பெயர், உறவு, பிறந்த தேதி அல்லது கடைசி மாதவிலக்குத் தேதி, எந்தப் பிரிவு, நிலை, தேதி தோராயமா. மூன்றாவதில் வருகைகள்: வருகைத் தேதி, ஆள் எண், கண்டது, குறிப்பில் இருந்த அசல் சொற்கள், நோட்டுப் பக்க எண், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, பார்க்க வேண்டியவர், முடிந்ததா.

அசல் சொற்களுக்கு ஒரு கட்டமா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அதை விடவே கூடாது. "காலு வீக்கம், மூஞ்சி இல்ல" என்று எழுதியவர் முகம் வீங்கவில்லை என்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார். அதை "வீக்கம்: ஆம்" என்று சுருக்கினால் அவர் பார்த்ததில் பாதி போய்விடும்.

குறிப்பில் "5 மாசம்" என்று மட்டும் இருக்கிறது. கர்ப்ப வாரம் எப்படிப் போடுவது?

முதலில் அந்தப் பக்கத்தின் வருகைத் தேதியைக் கண்டுபிடியுங்கள். "5 மாசம்", "பிறந்து 10 நாள்", "போன வாரம் விழுந்தாரு" எல்லாமே எழுதிய நாளிலிருந்து எண்ணிச் சொன்னவை. நீங்கள் பதிவேட்டில் ஏற்றுவது இரண்டு வாரம் கழித்து என்றால் "5 மாசம்" என்று அப்படியே ஏற்றியதும் அது தவறாகிவிடுகிறது. அதனால் இப்படிப்பட்ட சொல் எதுவும் பதிவேட்டுக்குள் போகக் கூடாது, தேதியாக மாறித்தான் போக வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். 5 மாதம் முடிந்துவிட்டதா, ஐந்தாவது மாதம் நடக்கிறதா என்பதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே நாலு வாரம் வரை வித்தியாசம் வரும். ஆகவே மாதக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போய் ஒரு மாதவிலக்குத் தேதியை நீங்களே உண்டாக்கி எழுதாதீர்கள். பழைய குறிப்பிலோ பரிசோதனை அட்டையிலோ கடைசி மாதவிலக்கின் முதல் நாள் இருக்கிறதா என்று தேடுங்கள். தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதில் உள்ள பிரசவத் தேதி இன்னும் நம்பகமானது. இரண்டுமே கிடைக்காவிட்டால் "தோராயம்" என்று தனிக் கட்டத்தில் குறித்து, "கடைசி மாதவிலக்குத் தேதி கேட்க வேண்டும்" என்பதையே அடுத்த வருகைக்கான வேலையாகப் போடுங்கள்.

தேதி கிடைத்துவிட்டால் கணக்கு எளிது. அதோடு 280 நாள் கூட்டினால் எதிர்பார்க்கும் பிரசவத் தேதி. வருகைத் தேதியிலிருந்து மாதவிலக்குத் தேதியைக் கழித்து 7 ஆல் வகுத்தால் அன்று எத்தனை வாரம் முடிந்திருந்தது என்பது. ஆட்கள் தாளில் E கட்டத்தில் மாதவிலக்குத் தேதி இருந்தால், பிரசவத் தேதியும் இன்றைக்கு முடிந்திருக்கும் வாரமும்:

```
=E2+280
=INT((TODAY()-E2)/7)
```

ஒரு பக்கத்தை எடுத்து முழுக்கச் செய்து காட்ட முடியுமா?

சரி, 2025 மார்ச் 12 அன்று 14 ஆம் எண் வீட்டில் எழுதிய ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்:

"14 – சி.மரு. 5மா, பிபி 138/88, காலு வீக்கம். குழ. ஊசி போடல, காய்ச்சல்னாங்க. பாட்டி சுகர் மாத்திரை தீந்து 10 நாள். தாத்தா விழுந்தாரு."

நாலு ஆள் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

"சி.மரு." என்பது சின்ன மருமகள். ஆட்கள் தாளில் 14 ஆம் வீட்டில் "இளைய மகன் மனைவி" என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். வேறு மருமகள் யாரும் கர்ப்பமாக இல்லை, எனவே இவர்தான் அவர், புது ஆள் எண் வேண்டாம். ஜனவரிக் குறிப்பில் கடைசி மாதவிலக்கு 2024 அக்டோபர் 10 என்று இருக்கிறது. 280 நாள் கூட்டினால் பிரசவத் தேதி 2025 ஜூலை 17. மார்ச் 12 அன்று 153 நாள், அதாவது 21 வாரம் 6 நாள். "5 மா" என்பதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் ஏதோ ஒரு தேதி தவறு என்று தெரிந்திருக்கும், அதற்காகவே மாதக் கணக்கையும் அசல் சொற்களில் வைத்துக்கொள்கிறோம்.

இப்போது பிபி. 138/88 என்பது 140/90 என்ற எல்லைக்குக் கீழேதான். "நார்மல்" என்று எழுதிக் கடந்துபோகத் தோன்றும், அங்கேதான் நிற்க வேண்டும். 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் ஏறுவது கர்ப்பகால வலிப்பு நோய்க்கு முன்னோட்டமாக இருக்கலாம். கால் வீக்கம் தனியாக வந்தால் அது கர்ப்பத்தில் சாதாரணம், ஏறிக்கொண்டிருக்கும் அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். ஜனவரிக் குறிப்பில் இவருடைய பிபி 110/70. எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் நன்றாகவே ஏறியிருக்கிறது. பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது. தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி பற்றிக் குறிப்பில் ஒன்றும் இல்லை. ஆகவே "கேட்கவில்லை" என்று எழுதி, "பிபி மறுபடி எடுக்கவும், சிறுநீரில் புரதம் பார்க்கவும், தலைவலி, கண் மங்கல் கேட்கவும்" என்று செவிலியர் பெயரில் இரண்டு நாளுக்குள் தேதி போட வேண்டும்.

அடுத்து குழந்தை. மூத்த மருமகளுடைய பிள்ளை, பிறந்த தேதி 2024 டிசம்பர் 2. மார்ச் 12 அன்று 100 நாள். பல நாடுகளில் பின்பற்றும் 6, 10, 14 வார அட்டவணைப்படி பார்த்தால் 14 வாரத் தடுப்பூசி மார்ச் 10 அன்றே போட்டிருக்க வேண்டும், எனவே "தவறியது" என்று எழுதத் தோன்றும். ஆனால் அட்டையின் படத்தைப் பார்த்தால் 10 வார ஊசியே பிப்ரவரி 24 அன்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது நாலு வாரம் வேண்டும், எனவே அடுத்தது மார்ச் 24க்கு முன்னால் போடக் கூடாது. தடுப்பூசி தேதி: மார்ச் 24. வயதை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தாயைத் தேவையில்லாமல் கடிந்துகொண்டிருப்போம்.

தடுப்பூசிக்குத் தவணை இருக்கிறது, காய்ச்சலுக்கு இல்லை. "காய்ச்சல்னாங்க" என்பது அன்றைக்கு இருந்ததா, முந்தைய வாரம் வந்து போனதா? குறிப்பில் இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே அன்றே போன் செய்ய வேண்டும். காய்ச்சல் தொடர்கிறது, பால் குடிக்கவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது என்று பதில் வந்தால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய குழந்தை.

பாட்டி: "தீந்து 10 நாள்" என்றால் மார்ச் 2 முதல் சர்க்கரை மாத்திரை இல்லை. பதிவேட்டில் "மார்ச் 2 முதல்" என்று எழுதுங்கள். மாத்திரையின் பெயர், ஏன் தீர்ந்தது, ரத்தச் சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தது ஆகியவை கேட்க வேண்டியவை. மாத்திரை ஏற்பாடு அடுத்த நாளுக்குள்.

தாத்தா: எப்போது விழுந்தார், தலையில் அடியா, நடக்கிறாரா, ஒன்றும் குறிப்பில் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலை அடிபட விழுந்திருந்தால் வெளியே காயமே இல்லாவிட்டாலும் அவசரம். குழந்தைக்காகச் செய்யும் அதே போனில் இவரைப் பற்றியும் கேட்டுவிடலாம். நன்றாக நடமாடுகிறார் என்றால்கூட வரியை மூடிவிடாதீர்கள். ஒரு முறை விழுந்த முதியவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். படுத்தும் நின்றும் பிபி எடுக்க ஒரு வாரத்துக்குள் தேதி போடுங்கள். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்குவதாலும், அதற்குக் காரணமான மாத்திரைகளாலும் விழுகிறவர்கள் நிறைய.

வரிசைப்படுத்தும்போதே அவசரமான செய்தி கண்ணில் பட்டால்?

வரிசைப்படுத்துவதை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள். பதிவேடு அப்புறம்.

எந்த நோட்டையும் ஏற்றத் தொடங்கும் முன், எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவை அபாய அறிகுறிக்காக மட்டும் படித்துவிடுவது நல்ல பழக்கம். கர்ப்பிணி என்றால் ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, வலிப்பு, கண் மங்கலோடு கடும் தலைவலி, காய்ச்சல், குழந்தை அசைவு குறைதல். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காமை, வலிப்பு, வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், துவண்டு கிடத்தல், உடல் சில்லிடுதல். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே போதும். முதியவர் என்றால் ஒரு பக்கம் திடீரென்று பலமிழத்தல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம். இவை எழுதிய அன்றே செவிலியருக்குப் போயிருக்க வேண்டியவை. போயிருக்கும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஏற்றுபவர் ஓர் ஆளை அவசர வரிசையில் மேலே நகர்த்தலாம். கீழே இறக்குவதோ, "பரவாயில்லை" என்று மூடுவதோ செவிலியர் அல்லது மருத்துவர் செய்ய வேண்டியது.

பிரசவம் ஆனதும் கர்ப்பிணி பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

எடுத்துவிடாதீர்கள், பிரிவை மட்டும் மாற்றுங்கள். பதிவேடுகளில் ஆட்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கர்ப்பிணி பட்டியலிலிருந்து தாய் போய்விடுவார், குழந்தைப் பட்டியலில் குழந்தை வந்துவிடும், தாய்க்கென்று எந்தப் பட்டியலும் இருக்காது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் தொற்றும் வலிப்பும் வருவது அந்த நாட்களில்தான்.

"பிரசவம் ஆச்சு" என்ற ஒரு குறிப்பு வந்தால் மூன்று வேலை செய்யுங்கள். தாயின் பிரிவைப் "பிரசவித்த தாய்" என்று மாற்றி 6 வாரம் வரை வைத்திருங்கள். குழந்தைக்குப் புது ஆள் எண் கொடுத்து, தாயின் ஆள் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். இரட்டை என்றால் இரண்டு எண். அப்புறம் இருவருக்கும் சேர்த்து வருகைத் தேதிகளைப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது முதல் 24 மணி நேரத்துக்குள், 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரத்தில் என்று நான்கு பரிசோதனைகள். உங்கள் இடத்தின் அட்டவணையில் இதைவிட அதிகம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிறப்பு எடை 2,500 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ நாள் நிறையாமல் பிறந்தாலோ அதையும் ஆள் வரியிலேயே எழுதிவிடுங்கள், அந்தக் குழந்தைக்கு வருகை இன்னும் நெருக்கமாக வேண்டும்.

பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போயிருந்தால் நிலையில் "வெளியூர்" என்று போட்டு, போன இடத்துப் பணியாளரின் தொடர்பை எழுதுங்கள். வரி திறந்தே இருக்கட்டும்.

கரு கலைந்துவிட்டது, அல்லது குழந்தை இறந்துவிட்டது. அந்த வரியை அழித்துவிடவா?

அழிக்க வேண்டாம். நிலையை மாற்றி, தேதி எழுதி, அந்தக் குழந்தைக்கோ கர்ப்பத்துக்கோ போட்டிருந்த எல்லா வருகைத் தேதிகளையும் அன்றே மூடுங்கள். இதைப் பதிவேட்டில் வேறு எதற்கும் முன்னால் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். மூடாமல் விட்டால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்று "குழந்தைக்கு ஊசி போட வந்தேன்" என்பார். அதைக் கேட்கும் தாய்க்கு எப்படி இருக்கும்?

ஆனால் தாயின் வரியை மூடக் கூடாது. அவருக்கு ரத்தப்போக்கு, காய்ச்சல், மனநிலை பார்க்க வருகை வேண்டும். நடந்தது என்ன என்று தெரிந்த ஒருவர் போக வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை என்றால் "இல்லை" என்று போடலாமா?

கூடாது. "இல்லை" என்றால் கேட்டுப் பார்த்து இல்லை என்று தெரிந்தது. "கேட்கவில்லை" வேறு, "வீட்டில் ஆள் இல்லை" வேறு. மூன்றையும் கீழிறங்கும் பட்டியலாக வைத்துவிடுங்கள், கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி.

பூட்டியிருந்த வீடும் ஒரு வருகைதான். அதற்கும் ஒரு வரி, அடுத்த தேதியோடு. "பூட்டு" என்று திரும்பத் திரும்ப வரும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நேரத்தை மாற்றிப் போகச் சொல்ல வேண்டும், அவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம்.

எக்செலில் தேதி தானாக மாறிவிடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

3/4/2025 என்று தட்டினால் சில கணினிகளில் அது ஏப்ரல் 3 ஆகும், சிலவற்றில் மார்ச் 4 ஆகும். நாள் 12க்குள் இருக்கும் தேதிகள் சத்தமில்லாமல் மாறிவிடும், 12க்கு மேற்பட்டவை தேதியாகவே ஏறாமல் எழுத்தாக நிற்கும். எழுத்தாக நிற்பவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். அப்படிச் சில கண்ணில் பட்டால், அதே நெடுவரிசையில் மாறிப்போன தேதிகளும் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். 2025-03-12 என்ற முறையில் தட்டினால் இந்தத் தொல்லை வராது. ஆட்கள் தாளில் சோதனைக்கு:

```
=ISNUMBER(E2)
=AND(E2<=TODAY(), TODAY()-E2<=300)
```

இரண்டாவது வரி கர்ப்பிணிகளுக்கு மட்டும். மாதவிலக்குத் தேதி இன்றைக்குப் பிந்தியது என்றாலோ 300 நாளைத் தாண்டினது என்றாலோ அது FALSE காட்டும். தேதி தவறாக ஏறியிருக்கும், இல்லையென்றால் பிரசவம் ஆகியும் நமக்குச் செய்தி வரவில்லை.

முதியவர்களுக்குப் பிறந்த தேதியே தெரிவதில்லையே?

வயதை எழுதாமல் பிறந்த வருடத்தைத் தோராயமாக எழுதுங்கள். வயது அடுத்த வருடம் பொய்யாகிவிடும், வருடம் மாறாது. "முதல் பிள்ளை பிறக்கும்போது உங்களுக்கு எத்தனை வயது, அந்தப் பிள்ளைக்கு இப்போது எத்தனை?" என்று கேட்டால் ஓரளவு நெருங்கிவிடலாம். 60 தாண்டினாரா இல்லையா என்பதில் குழப்பம் இருந்தால் முதியவர் பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பதிவேட்டில் எதை எழுதக் கூடாது?

இந்தத் தாளை வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் விரிப்பார்கள், சுற்றி எல்லோரும் நிற்பார்கள். எச்.ஐ.வி. முடிவு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, முன்பு செய்த கருக்கலைப்பு, இன்னும் யாருக்கும் சொல்லாத கர்ப்பம் ஆகியவை இதில் வரக் கூடாது. இவற்றைச் செவிலியரிடம் நேரில் சொல்லி, அவர் பூட்டி வைக்கும் தனிப் பதிவில் ஆள் எண்ணோடு மட்டும் ஏற்ற வேண்டும். குடும்பப் பதிவேட்டில் "செவிலியர் தனியாகப் பார்க்கவும்" என்று தேதியோடு எழுதினால் போதும். அதே சொற்றொடரைச் சாதாரணக் காரணங்களுக்கும் அவ்வப்போது பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதுவே அடையாளமாகிவிடும்.

கையெழுத்து புரியவில்லை என்றால்?

ஊகிக்காதீர்கள். குறிப்பாக எண்களை. 130ஆ 180ஆ என்று தெரியாவிட்டால் அசல் கட்டத்தில் கேள்விக்குறியோடு எழுதி, அதிகமான எண்தான் சரி என்ற கணக்கில் தேதி போட்டு, எழுதியவரிடம் கேளுங்கள். அவருக்கு வாரத்துக்குள் கேட்டால் நினைவிருக்கும், மாதம் கழித்துக் கேட்டால் இருக்காது. அதனால் வாரத்தில் ஒரு நாள் எழுதியவரும் ஏற்றுபவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றுவதே நல்லது.